தீபாவளிக் கூட்டமும் நவம்பர் செமஸ்டரும்

வாசகர் கடிதம்:

திருச்சியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலை ஷிப்ட், ஒன்றரை மணிக்கு முடிந்துவிடும். செவ்வாய், வியாழன் மட்டும் லேப் நான்கு மணி வரை. லால்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். அப்பா கொத்தனார். முதுகு வலியால் மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. நான் மாதம் 5,000 ரூபாய் கொண்டுவந்தால் வீடு சமாளித்துவிடும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் மதியம் 3 முதல் இரவு 10 வரை வரச் சொல்கிறார்கள். சம்பளம் 8,000. ஞாயிறு முழு நாள், வார நாளில் ஒரு நாள் லீவு. லேப் நாளில் லேட்டாக வரலாம், ஆனால் அரை நாள் சம்பளம் பிடிப்பார்களாம். பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்கிறார்கள். பரீட்சை லீவு பற்றிக் கேட்டால் ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்கிறார் மேனேஜர். இதைத் தவிர மாமாவின் பைக்கில் உணவு டெலிவரி செய்யலாம். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி வேலையும் வந்திருக்கிறது, மாதம் 15,000, பதிவுக்கு 2,499 கட்ட வேண்டும். பார்ட் டைம் ஆளுக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை, அட்டெண்டன்ஸ் குறைந்தால் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார்கள் நண்பர்கள். ஜவுளிக்கடைக்கே போய்விடலாமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில்:

தம்பி, முதலில் அந்த 2,499 ரூபாயைக் கட்டாதீர்கள். கடிதத்தில் அவசரமாகத் தடுக்க வேண்டியது அதுதான், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலை தருகிறவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். நீங்கள் அவருக்குக் கட்டுவதாக இருந்தால் அது வேலை இல்லை. இந்த டேட்டா என்ட்ரி மோசடியில் பதிவுக் கட்டணத்தோடு விஷயம் முடிவதும் இல்லை. பணம் கட்டியதும் ஆன்லைனில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இத்தனை நாளில் இத்தனை பக்கம், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிழையில்லாமல் முடிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். நீங்கள் எவ்வளவு கவனமாகச் செய்து அனுப்பினாலும் தேர்ச்சி பெறவில்லை என்பார்கள். பிறகு ‘வக்கீல்’ என்று ஒருவர் போன் செய்து, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், நஷ்டஈடு கட்டாவிட்டால் வீட்டுக்குப் போலீஸ் வரும் என்று மிரட்டுவார். வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று பயந்து கடன் வாங்கிக் கட்டிய மாணவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். தட்டச்சு வேலையை முடிக்கவில்லை என்பதற்காக யாரையும் கைது செய்ய முடியாது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாலும் பயப்படாமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள். இதே ஆட்களோ வேறு யாரோ ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, கமிஷன் தருகிறோம்’ என்று கேட்டால் அதற்கும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். யாரிடமோ ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

சரி, இனி ஜவுளிக்கடை.

8,000 ரூபாய் என்பது எவ்வளவு?

ஒரு தாளை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். மாதத்துக்கு 26 வேலை நாள். அதில் நான்கு ஞாயிறு, காலை 10 முதல் இரவு 10 வரை என்றால் சாப்பாட்டு நேரம் போக 11 மணி, மொத்தம் 44. மீதி 22 நாளும் ஏழு மணி வீதம் 154. ஆக மாதம் 198 மணி நேரம். தினம் எட்டு மணி நேரம் வேலை பார்க்கும் முழு நேர ஊழியருக்கு மாதத்துக்கு 208 மணி நேரம்தான் வருகிறது. உங்களுக்குப் பத்து மணி குறைவு, அவ்வளவுதான். பார்ட் டைம் என்று பேர் வைத்து ஒரு முழு நேர வேலையைத் தருகிறார்கள்.

இப்போது லேப் நாள்களைப் பாருங்கள். 8,000ஐ 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 308 ரூபாய் வரும், அரை நாள் 154. மாதத்தில் எட்டு லேப் நாளுக்கும் பிடித்தால் 1,230 ரூபாய் போய்விடும். கையில் வருவது சுமார் 6,770. லேப் முடிந்து நாலரைக்குப் போனாலும் நீங்கள் வேலை பார்க்காதது ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் பிடிப்பது அரை நாள் கூலி. பத்து மணி வரை நிற்கிறவன் நடுவில் ஒரு டீ, ஒரு டிபன் சாப்பிட்டே ஆக வேண்டும். நாளுக்கு 40 ரூபாய் என்றால் அது ஒரு 1,040. மிச்சம் 5,730. நீங்கள் நின்ற நேரம் 186 மணி. வகுத்துப் பாருங்கள், மணிக்கு 31 ரூபாய்.

கடை மூடி, அடுக்கி வைத்து, பஸ் பிடித்து லால்குடி போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிடும். காலையில் ஏழு மணிக்குள் மறுபடி பஸ் ஏற வேண்டும். முதல் வாரம் உடம்பு தாங்கும். மூன்றாவது வாரம் முதல் மணி வகுப்புக்குப் போக முடியாது. நான் பார்த்த மாணவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். யாரும் கல்லூரியை விட வேண்டும் என்று முடிவெடுத்து விடவில்லை. முதல் மணி வகுப்பு போனது, அப்புறம் திங்கட்கிழமை போனது, அப்புறம் இன்டர்னல் போனது.

கடையின் சீசனும் உங்கள் பரீட்சையும்

சம்பளத்தைவிட எனக்குப் பெரிய கவலை இதுதான். பகுதி நேர வேலை தேடுகிற மாணவர்கள் எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று இரண்டை மட்டும் கேட்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு எந்த மாதம் கூட்டம் என்று கேட்பதில்லை. அந்தக் கடை இப்போது ஏன் ஆள் எடுக்கிறது? ஆடித் தள்ளுபடி. அது முடிந்ததும் கொஞ்சம் ஓயும். பிறகு புரட்டாசி பாதியில் தீபாவளி வியாபாரம் தொடங்கிவிடும். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். உங்கள் இரண்டாவது இன்டர்னல், லேப் தேர்வு, செமஸ்டர் மூன்றும் அதே வாரங்களில் வரும். இரவு 10 மணி 11 ஆகும், வார லீவு ரத்தாகும். ‘அப்போ பார்த்துக்கலாம்’ என்று சொன்ன மேனேஜர் கெட்டவர் இல்லை. அப்போது அவரால் லீவு தர முடியாது என்பது அவருக்கே தெரியும், அதனால்தான் இப்போது வாக்குக் கொடுக்கவில்லை.

மற்ற வேலைகளையும் இப்படிக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் வேலை செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, டிசம்பர் அரையாண்டுத் தேர்வு, மார்ச் பொதுத்தேர்வு என்று ஏறும். உங்கள் நவம்பர் செமஸ்டர் நடுவில் இருக்கும் இடைவெளியில் விழுகிறது. கோடை செமஸ்டருக்குள் பொதுத்தேர்வுகளும் பெரும்பாலும் முடிந்துவிடும். கல்யாணப் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலை ஆடியிலும் மார்கழியிலும் இருக்காது. சித்திரை, வைகாசியில் குவியும், அப்போது உங்களுக்கு விடுமுறை.

டெலிவரி

டெலிவரியில் ஒரு நல்லது உண்டு. பரீட்சை என்றால் ஆப்பை அணைத்துவிட்டுப் படிக்கலாம், யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். ஆனால் மாமாவின் பைக் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில்தான் எனக்குத் தயக்கம். வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், நீங்கள் மோதியவருக்குத்தான் அது உதவும், உங்களுக்கு உதவாது. பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி. யார் பேரில் இருக்கிறதோ அவர் ஓட்டினால்தான். மாமா வண்டியை மருமகன் ஓட்டி விழுந்தால் அந்தக் காப்பு இல்லை. சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டியதைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடம் இருக்கிறது. டெலிவரி நிறுவனம் விபத்துக் காப்பு தருவதாகச் சொன்னால், ஆர்டர் கையில் இருக்கும்போது மட்டுமா, வீடு திரும்பும்போதுமா என்று படித்துப் பாருங்கள். அப்பா வேலைக்குப் போக முடியாத வீட்டில் நீங்களும் காலை ஒடித்துக்கொண்டு படுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வருமானத்தைக் கணக்கிடும்போதும் பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் கழித்த பிறகு மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு வாரம் ஓட்டுகிற நண்பரிடம் ‘வாரத்துக்கு எவ்வளவு வந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது’ என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

நண்பர்கள் சொன்ன இரண்டு விஷயங்கள்

பார்ட் டைம் ஆளுக்கு உரிமை இல்லை என்பது தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கடையில் வேலை பார்க்கிறவருக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணிதான் வழக்கமான வேலை நேரம். அதற்கு மேல் வாங்கினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. அந்த ஞாயிறு 11 மணி நேரம் நினைவிருக்கிறதா? அதில் மூன்று மணி நேரம் இரட்டைக் கூலிக்கு உரியது. கடையில் நிற்கிற ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் 2021இல் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கும் நீங்கள் வெளியாள் இல்லை. அரசு அறிவித்திருக்கும் மாதத் தொகையை 26ஆல் வகுத்து, அதை எட்டால் வகுத்தால் மணிக்கூலி வரும். பிடித்தம் எதுவும் இல்லாவிட்டால்கூட உங்களுக்கு மணிக்கு 40 ரூபாய்தான். முழு மாதத்துக்கு அது 8,320 ஆகிறது. கடை ஊழியருக்கு அரசு நிர்ணயித்த தொகை அதைவிட அதிகம். புகார் செய்ய வேண்டுமென்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் திருச்சியிலேயே இருக்கிறது. ஆனால் வருகைப் பதிவின் போட்டோ, சம்பளம் பற்றிய வாட்ஸ்அப் செய்தி என்று ஏதாவது கையில் இல்லாமல் அங்கே போனால் வேலை நகராது.

மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுக்கவே கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. நடுவில் போய்விடாமல் இருக்கத்தான் வாங்கி வைக்கிறார்கள். நவம்பரில் நீங்கள் பரீட்சைக்காக நின்றுவிட நினைக்கும்போது அதுதான் உங்களைக் கட்டிப்போடும்.

அட்டெண்டன்ஸ் விஷயத்தில் நண்பர்கள் சொன்னது பாதிதான் உண்மை. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 75 சதவீதத்துக்கு 68 நாள் வர வேண்டும். அதாவது 22 நாள் வரை விடலாம். பணம் கட்டிச் சரிசெய்கிற கான்டொனேஷன் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 65 முதல் 75 சதவீதம் வரை உள்ளவர்களுக்கு மட்டும்தான். அதற்கும் மருத்துவச் சான்று மாதிரி ஏற்கக்கூடிய காரணமும் முதல்வரின் பரிந்துரையும் வேண்டும். ஜவுளிக்கடை வேலையைக் காரணமாக எழுத முடியாது. 65க்குக் கீழே போனால் அந்த செமஸ்டரை எழுதவே விட மாட்டார்கள். உங்கள் கல்லூரியின் விதி கையேட்டில் இருக்கும், இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். லேப் வகுப்புக்குத் தனியாக வருகை கணக்கிடுகிறார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். செய்யாத பரிசோதனைக்கு ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்காது.

5,000 ரூபாய்க்கு வேறு வழி

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லால்குடியிலேயே டியூஷன் தேடுவேன். சாதாரண நாளில் மூன்று மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், லேப் நாளில் ஐந்தேகாலுக்கு. ஐந்தரை முதல் எட்டு வரை, வாரத்தில் ஐந்து நாள் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 55 மணி நேரம். டியூஷன் சென்டரில் 4,000 பேசினாலும் மணிக்கு 73 ரூபாய் ஆகிறது. பஸ் இல்லை, டீக்கடை இல்லை. ஜவுளிக்கடையில் கையில் நிற்கும் 5,730க்கும் இதற்கும் வித்தியாசம் 1,730 ரூபாய். அந்த 1,730க்காக நீங்கள் கொடுப்பது மாதம் 131 மணி நேரம்.

மீதி 1,000க்கு முதலில் உங்களுக்கு உரிமையுள்ள பணத்தைத் தேடுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. முதலாம் ஆண்டில் விண்ணப்பம் விட்டுப்போயிருந்தால் கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். அடுத்தது, அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? பதிவு புதுப்பித்த நிலையில் இருந்தால், பட்டப்படிப்பு படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை கேட்கலாம். அட்டை பீரோவில் கிடக்கும், புதுப்பித்திருக்க மாட்டார்கள். பல வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இவை இரண்டும் கைகூடாவிட்டால் மாதத்தில் ஒன்றிரண்டு முகூர்த்த ஞாயிறு கேட்டரிங் போகலாம். அதற்குக் கூலியை அன்றன்றே கையில் வாங்கிவிடுங்கள்.

வேலை தேடுகிற இடம் ஆன்லைன் இல்லை. நீங்கள் படித்த பள்ளிக்குப் போய்க் கணக்கு வாத்தியாரைப் பாருங்கள், எந்த சென்டரில் ஆள் தேவை என்பது அவருக்குத் தெரியும். பள்ளி பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு சின்ன நோட்டீஸ் ஒட்டுங்கள். உங்கள் துறை சீனியர்கள் யாராவது இறுதியாண்டு முடித்துப் போயிருந்தால் அவர்கள் எடுத்த டியூஷன் காலியாக இருக்கும்.

டியூஷனிலும் சிக்கல் உண்டு. பிள்ளைகள் ஃபீஸ் கட்டவில்லை என்று சொல்லி உங்கள் சம்பளத்தைத் தள்ளிப்போடும் சென்டர்கள் இருக்கின்றன. முதல் மாதம் பத்தாம் தேதியைத் தாண்டினால் எச்சரிக்கையாகிவிடுங்கள், இரண்டாவது மாதமும் தாண்டினால் வேறு இடம் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வருமானமே இருக்காது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

எந்த வேலையில் சேர்ந்தாலும் சரி, சேரும் முன்பே கல்லூரியின் ஆண்டுக் காலண்டரை வைத்து இன்டர்னல், லேப் தேர்வு, செமஸ்டர் தேதிகளைக் குறித்துப் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘சார், நேற்றுப் பேசியபடி 1ஆம் தேதி சேர்கிறேன். திங்கள் முதல் வெள்ளி 5.30–8.00, மாதம் 4,000. இன்டர்னல் நடக்கும் இரண்டு வாரமும் செமஸ்டர் நடக்கும் நாள்களிலும் வர இயலாது, தேதிகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். அந்த நாள்களுக்குச் சம்பளம் வேண்டாம். சரி என்றால் பதில் போடுங்கள் சார்.’

‘சம்பளம் வேண்டாம்’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் லீவு தர மறுப்பது காசுக்காகத்தான், அதைப் படித்ததும் சம்மதித்துவிடுவார்கள். அதற்கும் பதில் வராவிட்டால், நவம்பரில் என்ன நடக்கும் என்று இப்போதே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்த ஜவுளிக்கடைக்கு நேரில் போய் மேனேஜரிடம், ‘கல்லூரி நடக்கும்போது இந்த நேரம் எனக்குச் சரிவராது சார், ஏப்ரல் கடைசியில் செமஸ்டர் முடிந்ததும் ஜூன் நடு வரை முழு நாளும் வருகிறேன், எட்டு மணி நேர ஷிப்டில் சேர்த்துக்கொள்வீர்களா’ என்று கேளுங்கள். வைகாசி முகூர்த்தத்துக்கு அவருக்கு ஆள் வேண்டும். டியூஷன் இல்லாத அந்த நாள்களில் உங்களுக்கும் சம்பளம் வேண்டும். அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு, மார்க் ஷீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.